ஃபெரூல் கழன்று வந்தால், டெர்மினல் சூடானால்: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

லோட் ஷெடிங் வருடங்களில் டர்பன் வீடுகளின் டீபீ என்ற மின் பகிர்வுப் பெட்டிக்குள் நிறையப் புதுச் சாமான் ஏறிவிட்டது. இன்வெர்ட்டருக்கு ஒரு பிரேக்கர், கீசருக்கு ஒரு டைமர், மின்னலுக்கு ஒரு சர்ஜ் அரெஸ்டர். சுவருக்குள் ஓடும் பழைய வயரில் தடித்த இழை ஏழுதான் இருக்கும். இந்தப் புதுச் சாமான்களை ஒன்றோடொன்று கட்டும் வயரோ மெல்லிய இழை வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் அளவு என்றால் கால் மில்லிமீட்டர் இழைகள் ஐம்பது. அதை அப்படியே திருகுக்குக் கீழே வைத்தால் பாதி இழை விலகி ஓடும், மீதியைத் திருகு நசுக்கும். அதற்காகத்தான் ஃபெரூல் என்ற அந்தச் சின்ன வெள்ளீயம் பூசிய செம்புக் குழாயை மாட்டுகிறோம். ஒற்றைக் கம்பிக்கும் ஏழு இழை வயருக்கும் அது தேவையில்லை, திருகு நேராகவே பிடிக்கும்.

சாட்ஸ்வர்த்திலும் மியர்பேங்கிலும் நான் போய்த் திறக்கும் பெட்டிகளில் ஃபெரூல் இல்லாததால் வந்த கோளாறை விட, தப்பான ஃபெரூலைத் தப்பான கருவியால் அழுத்தியதால் வந்த கோளாறே அதிகம். பார்க்க அழகாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

மெயினை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயின் போனதும் பேட்டரி எழுந்து வேலை செய்யும், அதற்காகத்தானே வாங்கினோம். இன்வெர்ட்டரின் அவுட்புட்டையும் அணையுங்கள், சோலார் இருந்தால் அதன் டிசி சுவிட்சையும் அணையுங்கள். பிறகு, வேலை செய்கிறது என்று வேறொரு பிளக்கில் பார்த்து உறுதிசெய்த டெஸ்டரை டெர்மினலில் வைத்துப் பாருங்கள். டீபீ மூடியைக் கழற்றுவது உங்கள் வேலை இல்லை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டுப் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கீழே உள்ளது பிளக், பம்ப் பெட்டி, கேட் மோட்டார் பெட்டி, சின்ன பேனல் இவற்றில் கை வைப்பவர்களுக்கும், என்னைப் போல் இதையே பிழைப்பாகச் செய்பவர்களுக்கும்.

## அறிகுறி: இழுத்தால் வயர் ஃபெரூலை விட்டு வருகிறது

டெர்மினலில் இருந்து கழற்றி, ஃபெரூலைப் பிளையரால் பிடித்துக்கொண்டு வயரைக் கையால் இழுத்துப் பாருங்கள். வயர் வழுக்கி வந்தால் வந்த முனையை வெளிச்சத்தில் பிடியுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரியும்.

### செம்பு குழாயின் பாதி வரைக்கும்தான் போயிருக்கிறது

உரித்த நீளம் போதவில்லை. காசே செலவில்லாத காரணம் இதுதான், அடிக்கடி நடப்பதும் இதுதான். 8 மில்லிமீட்டர் குழாய் உள்ள ஃபெரூலுக்கு 10 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக் காலருக்குள் கொஞ்சம் போகும். 12 மில்லிமீட்டர் குழாய்க்கு 14. சரியாக இருந்தால் குழாயின் வாயில் செம்பு அதே மட்டத்தில் நிற்கும், அல்லது ஒரு மயிரிழை வெளியே தெரியும். இன்சுலேஷன் காலருக்குள் நுழைந்திருக்கும், குழாய்க்குள் நுழைந்திருக்கக் கூடாது.

### இழைகள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன

உரிக்கும்போதே கத்தி இழைகளை வெட்டிவிட்டது. ஐம்பதில் பத்து போனால் மிச்சம் 2 சதுர மில்லிமீட்டர். குழாய்க்கு வயிறு நிறையாது. கத்தியை விட்டுவிட்டு, உரிப்பானின் சரியான துளையில் வைத்து மறுபடி உரியுங்கள். இழைகளைக் கயிறு மாதிரி முறுக்கவும் வேண்டாம். அவை வரும் திசையிலேயே லேசாக ஒரு திருப்பு போதும்.

### செம்பு முழுசாக இருக்கிறது, ஆனால் குழாய்க்குள் ஆடுகிறது

ஃபெரூல் பெரிதாகிவிட்டது. நிறத்தை நம்பி எடுத்தவர்களுக்கு இது நடக்கும். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் ஜெர்மன் வரிசையில் 1.5 கறுப்பு, 2.5 நீலம், 4 சாம்பல். பிரெஞ்சு வரிசையில் 2.5-தான் சாம்பல், நீலமோ 0.75. ஜெர்மன் வரிசைக்குள்ளேயே 0.75-க்கும் சாம்பல்தான், 4-க்கும் சாம்பல்தான். ஆகவே பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். பொட்டலத்தைத் தூக்கி எறிந்து டப்பாவில் கொட்டி வைத்திருந்தால் ஒரு துண்டு வயரை நுழைத்துப் பாருங்கள். இழைகள் மடங்காமல், லேசாக உரசிக்கொண்டு நுழைவதே அளவு.

### அளவு சரி, ஆனால் குழாய் தட்டையாக மட்டும் இருக்கிறது

அழுத்திய கருவி தப்பு. காம்பினேஷன் பிளையர், வயர் வெட்டி, அல்லது உரிப்பானின் அடியில் இருக்கும் மூன்று பள்ளங்கள், இவை எல்லாம் குழாயை இரண்டு பக்கமிருந்து நசுக்கும். நடுவில் இழைகள் இறுகும், ஓரத்தில் காற்று நிற்கும். இதற்குப் பழுது பார்க்கும் வழி கிடையாது, வெட்டி எறிந்து மறுபடி செய்ய வேண்டும். அதே ஃபெரூலை இன்னொரு தடவை அழுத்திச் சரி செய்ய முடியாது.

### கருவியும் சரியான வகைதான், இன்னும் வருகிறது

ஃபெரூலை அழுத்தும் கருவிதான் கிரிம்பர். ராட்செட் உள்ள கிரிம்பர் முழு அழுத்தம் முடிந்த பிறகுதான் கைப்பிடியை விட வேண்டும். நடுவில் விட்டுவிடுகிறதா என்று காலியாக ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விட்டால் தேய்ந்துவிட்டது. விடவில்லை என்றால் பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும், கூட்டல் குறி பக்கம் ஒரு பல் நகர்த்துங்கள். நகர்த்தியும் பிடிக்கவில்லை என்றால் புதுக் கருவி.

பிடிக்கிறதா என்று எப்படித் தெரியும்? நான் பட்டறையில் செய்வது இது. 2.5 வயரில் ஒரு ஃபெரூல் அழுத்தி, ஃபெரூலை வைசில் பிடித்து, வயரின் மறுமுனையில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுவேன். ஐந்து கிலோ என்றால் ஏறக்குறைய 50 நியூட்டன். 2.5 வயரைப் பிடிக்கும் டெர்மினலுக்கு ஐஇசி 60999-1 என்ற தரநிலை கேட்கும் இழுவையும் அதுதான். 1.5-க்கு நாலு லிட்டர். ஒரு நிமிடம் தொங்கி ஒரு நூல் கூட நகரக் கூடாது. அப்புறம் அதே ஃபெரூலை மெல்லிய ரம்பத்தால் குறுக்கே அறுத்து, அரத்தால் ஒரு தேய்ப்பு தேய்ப்பேன். நல்ல அழுத்தத்தில் ஐம்பது இழையும் ஒரே செம்புக் கட்டி மாதிரித் தெரியும், இழைக்கும் இழைக்கும் இடையே கோடு மட்டும் இருக்கும். கெட்டதில் தேன்கூட்டை வெட்டின மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். புதுக் கிரிம்பர் வாங்கினால் முதல் நாளே இந்த இரண்டையும் செய்துவிடுவேன், அரை மணி நேரம் கூட ஆகாது.

## அறிகுறி: டெர்மினல் சூடாகிறது, பழுப்பாகிறது, வாடை அடிக்கிறது

வாடை அடித்தால் முதலில் அந்தச் சர்க்யூட்டை அணையுங்கள், ஆராய்ச்சி பிறகு. சூடான மின் பிளாஸ்டிக்கில் சில வகைக்கு அப்படியே மீன் வாடை வரும்.

மியர்பேங்கில் ஒரு பெரியம்மா அதைத்தான் சொன்னார். "தம்பி, வெள்ளிக்கிழமை நான் மீன் தொடமாட்டேன், ஆனா டீபீ பக்கம் போனா மீன் வாடை. கீசர்லயும் ஒரு நாள் சுடுதண்ணி, ஒரு நாள் பச்சைத் தண்ணி." இரண்டும் ஒரே கோளாறு. கீசர் 3 கிலோவாட், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். மூடியைக் கழற்றினால் டைமரில் இருந்து பிரேக்கருக்குப் போகும் ஒரு சாண் வயரின் டைமர் பக்க முனையில் பழுப்பு வளையம், காலர் சுருங்கியிருந்தது. திருகோ இறுக்கமாகத்தான் இருந்தது. என்னுடன் வந்த பையன், "அண்ணா, திருகு நல்லாத்தானே இருக்கு, டைமரே போயிருச்சு போல" என்றான்.

டைமர் விலை அதிகம், வயர் ஒரு சாண். விலை குறைந்ததில் இருந்து ஆரம்பிப்போம் என்று சொல்லி, கீசரை ஓடவிட்டு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, டைமரின் திருகுக்கும் பிரேக்கரின் திருகுக்கும் நடுவே அளந்தேன். 410 மில்லிவோல்ட். பக்கத்தில் அதே நீளத்தில் ஓடும் நியூட்ரல் வயரில் 20-க்குக் கொஞ்சம் மேல். 0.4 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் 5 வாட்டுக்கு மேல். பட்டாணி அளவு இடத்தில் இரவு விளக்கு ஒன்று எரிகிற மாதிரி. தினமும் கீசர் ஓடும் இரண்டு மூன்று மணி நேரம் அது எரிந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அணைத்து வயரைக் கழற்றினேன். ஃபெரூல் சாம்பல் நிறம், வயர் 2.5. கட்டியவர் பிரெஞ்சு இயந்திரங்களின் பேனலில் வேலை பழகியவராக இருக்க வேண்டும், அவர் கைக்குச் சாம்பல் என்றால் 2.5. கடையில் கிடைத்த சாம்பலோ 4. அதன் குழாய்க்கு உள்விட்டம் 2.8 மில்லிமீட்டர், 2.5-க்கு வேண்டியது 2.2. அழுத்தியபோது இழைகளைப் பிடிப்பதற்குப் பதில் குழாய் தன்மேலேயே மடிந்திருந்தது. திருகு இறுக்கிப் பிடித்ததெல்லாம் அந்த மடிப்பை. கழற்றிய கையோடு வயரை இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முனையில் செம்பு கறுத்திருந்தது.

கறுத்த செம்பை மறுபடி ஃபெரூலுக்குள் நுழைக்கக் கூடாது. பளிச்சென்று சிவக்கும் வரை பின்னால் வெட்டி, நீளம் போதாததால் புது வயர் போட்டு, நீல ஃபெரூல், சதுர அழுத்தம், பிறகு பிரேக்கரின் பக்கவாட்டில் அச்சிட்ட இறுக்கத்துக்குத் திருகு. மறுபடி அளந்தால் 22 மில்லிவோல்ட். டைமர் பிழைத்துக்கொண்டது, அதன் டெர்மினலில் பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்ததே தவிர உருகவில்லை. உருகியிருந்தால் மாற்றாமல் விட்டிருக்கமாட்டேன், உள்ளே இருக்கும் பிடிப்பும் வெந்திருக்கும்.

இதையே நீங்கள் பார்ப்பதானால் வரிசை இப்படி: முதலில் அணைத்துவிட்டுத் திருகு இறுக்கம். பிறகு இன்சுலேஷனும் சேர்ந்து திருகுக்குள் மாட்டியிருக்கிறதா என்பது. பிறகு ஃபெரூலின் அளவு. பிறகு அழுத்தம். அதற்கும் பிறகுதான் பிரேக்கரும் டைமரும். ஆனால் மின்சாரம் ஓடும்போது மில்லிவோல்ட் அளப்பது பழக்கமில்லாத கைக்கான வேலை இல்லை. பழுப்பு வளையம் டீபீக்குள் இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும் இடம் அதுதான். அங்கே புது வயர் போட்டால், வேலை விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சிஓசி சான்றிதழைக் கொடுக்க அதிகாரம் உள்ளவரும் அவர்தான்.

## அறிகுறி: ஃபெரூல் போட்ட வயர் டெர்மினலுக்குள் நுழையவில்லை

ஒரே வயர் என்றால் அழுத்தத்தின் வடிவத்தைப் பாருங்கள். பிரேக்கரின் சதுரப் பிடிக்குள் சதுர அழுத்தம் நன்றாக உட்காரும், நாலு பக்கமும் தட்டை. சின்ன வட்டத் துளை உள்ள டெர்மினலில் அதே சதுரத்தின் மூலைகள் இடிக்கும். அங்கே ஆறுபக்க அழுத்தம்தான் நுழையும். சரிவக வடிவப் பள்ளம் உள்ள பழைய கிரிம்பர் அகலமாக அழுத்தும், அது குறுகிய துளையில் சண்டை போடும். ஃபெரூலை அரத்தால் தேய்த்து நுழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

இரண்டு வயர் ஒரே திருகுக்குக் கீழே என்றால் இரண்டு தனி ஃபெரூலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறுக்காதீர்கள், ஒன்று தடித்தால் மற்றது தளரும். இரண்டு வயருக்கென்றே காலர் அகலமான இரட்டை ஃபெரூல் கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஒரு சின்ன டெர்மினல் கட்டையைச் சேர்த்துப் பிரித்துவிடுங்கள். அந்த டெர்மினல் இரண்டு வயரை ஏற்குமா என்பதையும் தயாரிப்பாளரின் குறிப்பில் பாருங்கள்.

## அறிகுறி: இறுக்கின திருகு சில மாதத்தில் தளர்ந்துவிடுகிறது

வயர் முனையில் ஈயம் வைத்திருக்கிறார்களா பாருங்கள். சால்டரிங் அயர்ன் வைத்து முனையைப் பளபளவென்று செய்வது பழைய ரேடியோக்காரர்களின் வழக்கம், மரியாதையாகத்தான் செய்வார்கள். ஆனால் ஈயம் மெதுவாக ஓடும் பொருள். திருகின் அழுத்தத்தில் நாளடைவில் அது ஒதுங்கிக்கொள்ளும், திருகு அசையாமல் இருந்தாலும் பிடி போய்விடும். மூன்று பின் பிளக்குக்குள்ளும் இதைப் பார்க்கலாம். ஈயம் ஏறிய வரைக்கும் வெட்டிவிட்டு ஃபெரூல் போடுங்கள். ஈயம் வைத்த முனைக்கு மேலே ஃபெரூல் போடுவது இரண்டு தப்பையும் சேர்த்துச் செய்வது.

ஈயம் இல்லை என்றால் அதிர்வு. பூல் பம்ப் பெட்டியிலும் கேட் மோட்டாரிலும் வயரை டெர்மினலுக்கு வெளியே ஒரு கிளிப்பில் பிடித்து வையுங்கள், அசைவு ஃபெரூலின் கழுத்துக்கு வரக்கூடாது. பிளஃப் மாதிரிக் கடல் பக்கம் வெளியே இருக்கும் பெட்டியில் பச்சை பூத்திருந்தால் காரணம் கிரிம்ப் இல்லை, பெட்டியின் ரப்பர். வயரை மாற்றிவிட்டு ரப்பரை மாற்றாமல் வந்தால் அடுத்த வருடம் அதே இடத்துக்குத்தான் போவீர்கள்.

## அறிகுறி: சிவப்பு, நீல, மஞ்சள் லக் ஆடுகிறது

இது ஃபெரூல் இல்லை, பிளாஸ்டிக் உறை போட்ட வளையமோ முள்கரண்டியோ உள்ள லக். சிவப்பு 1.5 வரைக்கும், நீலம் 1.5 முதல் 2.5 வரைக்கும், மஞ்சள் 4 முதல் 6 வரைக்கும். ஃபெரூல் கிரிம்பரால் இதை அழுத்தினால் பிளாஸ்டிக் கிழியும். இதன் கருவியின் தாடையில் மூன்று நீள்வட்டப் பள்ளங்களும் பக்கத்தில் மூன்று நிறப் புள்ளிகளும் இருக்கும். நல்ல அழுத்தத்தில் உறையின் மேல் இரண்டு தடம் தெரியும்: ஒன்று செம்பைப் பிடிப்பது, மற்றது இன்சுலேஷனைப் பிடிப்பது. ஒரே தடம் என்றால் லக்கைத் தாடையில் திருப்பி வைத்திருக்கிறீர்கள், அல்லது முழுக்க உள்ளே தள்ளவில்லை. இழுத்தால் உறை மட்டும் நகருகிறது என்றால் இன்சுலேஷனைப் பிடித்துவிட்டு செம்பைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கருவியால் ஃபெரூல் அழுத்தினால் என்ன என்று கேட்பார்கள். நீள்வட்டம் குழாயைத் தட்டையாக்கும், அவ்வளவுதான். மேலே பார்த்த தேன்கூடுதான் கிடைக்கும்.

## எந்தக் கிரிம்பர் வாங்குவது

வீட்டுப் பெட்டிகளில் 0.5 முதல் 6 வரை கட்டுகிறவருக்குத் தானாக அளவு சரிசெய்துகொள்ளும் சதுர அழுத்த ராட்செட் கிரிம்பர் ஒன்று போதும். பள்ளம் தேட வேண்டியதில்லை, எந்த ஃபெரூலையும் ஒரே வாயில் வைத்து அழுத்தலாம். குறுகிய வட்டத் துளை டெர்மினல் அதிகம் வருகிறவர் மட்டும் ஆறுபக்கத்தைப் பாருங்கள். லக்குக்குத் தனிக் கருவி, இரண்டையும் செய்யும் என்று விற்கும் ஒன்றை வாங்க வேண்டாம். தானாகச் சரிசெய்யும் கருவி பெரிய ஃபெரூலையும் சின்ன வயரையும் பொருத்திவிடும் என்று நினைக்காதீர்கள், மியர்பேங்கில் நடந்ததுதான் மறுபடி நடக்கும்.

பேட்டரியில் இருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் விரல் தடிப்பு வயருக்கு இவை எதுவும் உதவாது. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 48 வோல்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த லக்கைச் சுத்தியலால் அடித்தோ வைசில் நசுக்கியோ நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள், தொட்டால் கை சுடும். அதற்கு ஹைட்ராலிக் கிரிம்பரும் அந்த லக் அளவுக்கான ஆறுபக்க அச்சும் வேண்டும். இரண்டு வயருக்காக அதை வாங்காதீர்கள். நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, பேட்டரி வயர் செய்து தரும் கடையில் இரண்டு முனையும் அழுத்தி வாங்கிக்கொள்ளுங்கள், பேட்டரி போல்ட்டின் விட்டத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.